இன்வெர்ட்டர் சீக்கிரம் நின்றுவிடுகிறதா? பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் தினசரி மின்வெட்டு குறைந்த பிறகு, பல வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி மாதக்கணக்கில் வேலையில்லாமல் சார்ஜில் மட்டுமே நின்றுகொண்டிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தப்படும் அன்றுதான் அதன் உண்மை நிலை தெரிய வருகிறது. மூன்று மணி நேரம் ஓட வேண்டியது அரை மணியில் கூவிவிட்டு நின்றுவிடுகிறது. கடைக்குச் சொன்னால், பெரும்பாலும் அளந்து பார்க்காமலேயே, "பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் வருகிறது.

பேட்டரி உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் நேரம் குறைவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பேட்டரிக்குள் சார்ஜ் முழுதாகப் போகாமல் இருக்கலாம். உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லாமல் இருக்கலாம். அல்லது உள்ளே தேக்கிவைக்கும் திறனே குறைந்திருக்கலாம். முதல் இரண்டையும் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் சரிசெய்துவிடலாம், மூன்றாவதற்கு மட்டுமே புதுப் பேட்டரி தேவை. எது என்பதை, இன்வெர்ட்டர் எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரிக்குத் தண்ணீர், கரைசலின் அடர்த்தியைக் குறிக்கும் கிராவிட்டி பற்றிய பகுதிகள் பொருந்தாது.

முதலில், எவ்வளவு நேரம் வர வேண்டும்?

150 ஏஎச், அதாவது 150 ஆம்பியர் மணி என்பதை 12 வோல்ட்டால் பெருக்கி, 1800 வாட் மணி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த 150 என்ற எண், பேட்டரியிலிருந்து 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுக்க எடுக்க மொத்தமாகக் கிடைப்பதும் குறையும். மூன்று பழைய மின்விசிறிகள் தலா 75 வாட், இரண்டு எல்இடி டியூப்லைட், ஒரு வைஃபை பெட்டி, கைபேசி சார்ஜர் என்று வைத்தால் சுமை சுமார் 300 வாட். இன்வெர்ட்டரின் உள் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 30 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் புதுப் பேட்டரிகூட 120 ஏஎச் அளவுதான் கொடுக்கும். ஆகவே புதிதாக இருக்கும்போது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, நான்கு வயதுப் பேட்டரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வந்தால் அது நியாயமான அளவு.

இதைவிடக் குறைந்தால் முதலில் சுமையைப் பாருங்கள். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் அல்லது மிக்ஸி பயன்படுத்தும் பிளக், எலெக்ட்ரீஷியன் வேலை செய்தபோது இன்வெர்ட்டர் இணைப்புக்குள் வந்திருக்கலாம். மின்சாரம் இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டில் எவை எவை ஓடுகின்றன என்று ஓர் அறை விடாமல் பார்த்தால் தெரிந்துவிடும்.

கை வைக்கும் முன்

இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது வீட்டுக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தும், பேட்டரிக்கு சார்ஜ் போய்க்கொண்டேதான் இருக்கும். பிளக்கையும் பிடுங்க வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். பேட்டரி பூஜை அலமாரிக்குக் கீழே இருந்தால், அந்த நேரத்தில் விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும், அது இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். கண்ணாடி அணியுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், அமிலம் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்காக.

கருவிகள் என்று பார்த்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டரும், ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடி ஹைட்ரோமீட்டரும் போதும். இரண்டும் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும்.

அறிகுறி 1: மின்சாரம் போனதும் சில நிமிடங்களில் கூவுகிறது, ஒரு மின்விசிறியை அணைத்தால் மீண்டும் ஓடுகிறது

சுமையைக் குறைத்தவுடன் இன்வெர்ட்டர் தேறிவிடுகிறது என்றால், முதல் சந்தேகம் டெர்மினல் மீது விழ வேண்டும். இன்வெர்ட்டருக்குப் பேட்டரியின் உள்நிலை தெரியாது. தன்னிடம் வந்து சேரும் வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. அது சுமார் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்தது என்று முடிவுசெய்து நின்றுவிடும். பேட்டரியின் ஈயத் தண்டுக்கும் அதில் மாட்டியிருக்கும் ஒயரின் உலோக முனையான லக்குக்கும் இடையே வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு, அந்த இடத்திலேயே வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. சுமை அதிகமானால் இழப்பும் அதிகம். அதனால்தான் ஒரு மின்விசிறியை அணைத்தால் நிலைமை சரியாகிறது.

கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு வயதான 150 ஏஎச் டியூபுலர், சுமை 300 வாட். 25 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மின்சாரத்தைத் துண்டித்து, சுமையை ஓடவிட்டு அளந்தோம். மீட்டரின் இரு ஊசிகளையும் பேட்டரியின் ஈயத் தண்டுகள் மீதே வைத்தபோது 11.7 வோல்ட். ஊசிகளை அரை அங்குலம் நகர்த்தி ஒயர் லக்குகள் மீது வைத்தபோது 10.6 வோல்ட். நடுவே 1.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்க, ஓர் ஊசியைப் பாசிட்டிவ் தண்டிலும் மற்றதை அதே பக்க லக்கிலும் வைத்தால் 0.9 வோல்ட். நெகட்டிவ் பக்கம் 0.2. நல்ல இணைப்பில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 30 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் என்றால் 33 வாட் அந்த இணைப்புகளிலேயே வெப்பமாகப் போகிறது. சுமையை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது பாசிட்டிவ் லக் சுட்டது.

சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியின் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து உப்பு மீது ஊற்றினால் நுரைத்துக் கரையும். மூடியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், சோடா செல்லுக்குள் போனால் அமிலத்தை முறித்துவிடும். பிறகு துடைத்து, கம்பித் தூரிகை அல்லது உப்புத்தாளால் தண்டையும் லக்கின் உட்புறத்தையும் உலோகம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். இறுக்கமாக மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், காற்றும் அமில ஆவியும் மறுபடி அண்டாமல் இருக்க அது உதவும். லக்குக்குள் ஒயர் நுழையும் இடத்தில் செம்பு பச்சையாகி முறிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் அழுத்த வேண்டும். பேட்டரியைத் தள்ளி வைப்பதற்காக யாராவது மெல்லிய ஒயரை முறுக்கி நீட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த முறுக்கு இணைப்பும் இதே கேட்டைச் செய்யும்.

சித்தப்பா வீட்டில் இதைச் செய்தவுடன் இழப்பு 0.05 வோல்ட்டுக்குக் கீழே வந்தது, இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஆனாலும் வர வேண்டிய அளவு வரவில்லை. டெர்மினல் ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் அல்ல என்பதற்கு அது அடையாளம். ஆகவே மூடிகளைத் திறந்தோம்.

அறிகுறி 2: கூவாமல் சீராக ஓடுகிறது, ஆனால் பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது

இந்த வகையில் பேட்டரி நிரம்பாமல் இருப்பது, அல்லது தகடுகளில் ஒரு பகுதி வேலை செய்யாமல் இருப்பது காரணமாக இருக்கும். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

டியூபுலர் பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதவைக் குச்சி. அந்தக் குச்சியில் அளவுக்கோடு இருக்கும். குச்சியை மட்டும் நம்பாதீர்கள். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அது மேலேயே ஒட்டி நின்றுகொள்ளும், தண்ணீர் இருப்பதுபோலவே காட்டும். விரலால் லேசாக அழுத்திவிட்டால் கீழே போய்த் தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் மூடியைத் திறந்து டார்ச் விளக்கில் பாருங்கள், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால், அந்தப் பகுதி காற்றுப்பட்டுக் கெட்டுக்கொண்டிருக்கிறது. எத்தனை நாள் அப்படி இருந்ததோ அதைப் பொறுத்து ஒரு பங்கு திறன் நிரந்தரமாகப் போயிருக்கும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆர்ஓ தண்ணீர் குடிப்பதற்குச் சுத்தம், பேட்டரிக்குச் சுத்தம் அல்ல, அதில் உப்புகள் எஞ்சியிருக்கின்றன. போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது பல வீடுகளில் பழக்கமாக இருக்கிறது. அது ஆவி குளிர்ந்த நீர்தான், ஆனால் செம்பு, அலுமினியப் பாகங்கள் மீது வழிந்து தூசியையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. உலோகத் துணுக்குகள் உள்ளே போனால் சும்மா இருக்கும்போதே பேட்டரி தானாக வடியத் தொடங்கும். இன்னொரு முக்கியமான தவறு அமிலம் ஊற்றுவது. கடையில் இரண்டும் ஒரே மாதிரியான கேன்களில் இருக்கும், ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து வாங்குங்கள். பேட்டரியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, அமிலம் உள்ளேயே தங்குகிறது. அமிலத்தைச் சேர்த்தால் ஓரிரு வாரம் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும், பிறகு தகடுகள் அரிக்கப்பட்டுப் பேட்டரி முடிந்துவிடும்.

எப்போது ஊற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது கரைசலின் மட்டம் சற்று உயரும். வடிந்த பேட்டரியில் மேல் கோடுவரை நிரப்பினால் பிறகு அது பொங்கி வழியும், வழிவது தண்ணீர் மட்டும் அல்ல, அமிலமும் சேர்ந்துதான். டெர்மினலில் உப்புப் பூப்பதற்கும் அதுவே தொடக்கம். ஆகவே தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றி, முழு சார்ஜ் ஆன பிறகு கோடுவரை நிரப்புங்கள்.

அடுத்து கிராவிட்டி, அதாவது கரைசலின் அடர்த்தி. இதைப் பார்க்காமல் பேட்டரி பற்றி யார் சொல்லும் தீர்ப்பையும் நான் ஏற்பதில்லை. ஹைட்ரோமீட்டரின் குமிழை அழுத்தி, செல்லுக்குள் விட்டு உறிஞ்சினால், உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குச்சியில் எண் தெரியும். பெரும்பாலான டியூபுலர் பேட்டரிகளில் முழு சார்ஜ் என்றால் சுமார் 1.240. பாதியில் 1.190 அருகில். 1.150க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள், புதுத் தண்ணீர் மேலேயே நிற்பதால் எண் பொய் சொல்லும். ஒரு முழு சார்ஜ் முடிந்த பிறகு அளக்க வேண்டும்.

மல்டிமீட்டர் மட்டும் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சார்ஜையும் சுமையையும் துண்டித்து, நான்கைந்து மணி நேரம் பேட்டரியை ஓய்வில் விட்டு அளந்த வோல்ட்டிலிருந்து கிராவிட்டியைக் கணக்கிடலாம். கிராவிட்டியுடன் 0.84 சேர்த்து ஆறால் பெருக்கினால் ஓய்வு வோல்ட் கிடைக்கும்.

```
(1.240 + 0.84) × 6 = 12.48 V
(1.190 + 0.84) × 6 = 12.18 V
```

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். முழு பேட்டரி என்றால் 12.7 வோல்ட் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது கிராவிட்டி அதிகமாக வைக்கப்படும் கார் பேட்டரிக்கான கணக்கு. வீட்டு டியூபுலரில் ஓய்வு நிலையில் 12.5 வந்தாலே அது நிறைந்திருக்கிறது. 12.7 வரவில்லை என்று நல்ல பேட்டரியைத் தள்ளிவிடாதீர்கள்.

சித்தப்பாவின் பேட்டரியில் இரண்டு செல்களில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே. மற்ற நான்கு செல்களில் அளந்தபோது எல்லாம் 1.190 சுற்றியே இருந்தன. நாள் முழுக்க மின்சாரம் இருந்தும், சார்ஜ் பாதியில் நிற்கிறது என்று பொருள். அளந்த செல்கள் எல்லாம் ஒரே மாதிரி குறைந்திருந்ததால் குற்றம் பேட்டரியில் அல்ல, அதற்கு ஊட்டும் இடத்தில் என்று எண்ணினோம்.

அறிகுறி 3: நாள் முழுக்க மின்சாரம் இருந்தும் பேட்டரி நிரம்பவில்லை

இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கும், சிலவற்றில் அது திரை மெனுவில் இருக்கும். டியூபுலர், ஃபிளாட், எஸ்எம்எஃப் என்று குறித்திருப்பார்கள். டியூபுலர் பேட்டரி முழுமையாக நிரம்ப, சார்ஜ் முடியும் கட்டத்தில் வோல்ட் 14.2 முதல் 14.4 வரை ஏற வேண்டும். எஸ்எம்எஃப் என்பது மூடிய பேட்டரி, அதற்கு அவ்வளவு கொடுக்கக் கூடாது என்பதால் அந்த நிலையில் இன்வெர்ட்டர் அதற்குக் கீழேயே நிறுத்திவிடும். சித்தப்பா வீட்டில் சுவிட்ச் எஸ்எம்எஃப் பக்கம் இருந்தது. பொருத்தியவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்தப் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பியதே இல்லை. இப்படி அரைகுறையாக நிற்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துகொண்டே போகும்.

அளந்து பார்ப்பது எளிது. மின்சாரம் வந்ததும் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் வோல்ட் சில நிமிடங்களில் 13ஐ நோக்கி ஏறத் தொடங்க வேண்டும். பத்து மணி நேரம் கழித்து 14.2க்கு மேல் இருக்க வேண்டும், பிறகு 13.5 முதல் 13.7 வரை இறங்கி நிலைத்து நிற்கும். ஏறவே இல்லை, 12.3லேயே நிற்கிறது என்றால் சார்ஜே போகவில்லை. பின்பக்க ஃபியூஸ் அல்லது மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ரீசெட் பொத்தானைப் பாருங்கள். அது துருத்தி நின்றால் அழுத்திவிட்டாலே போதும்.

சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 150 ஏஎச் பேட்டரிக்கு 15 ஆம்பியர் வேகம் பொருத்தம். சில இன்வெர்ட்டர்களில் 10, 15 என்று தேர்வு இருக்கும். சிறிய இன்வெர்ட்டருடன் பெரிய பேட்டரியை மாட்டியிருந்தாலோ, 10 ஆம்பியரில் வைத்திருந்தாலோ, காலியான பேட்டரி நிரம்ப 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் நீண்ட மின்தடை, இரவில் மறுபடி ஒன்று என்றால் இரண்டாவது முறை குறைவாகத்தான் ஓடும், அது பழுது அல்ல.

குறைந்த மின்னழுத்தம் உள்ள ஊர்களில் இன்னொரு காரணம் உண்டு, இது எளிதில் கண்ணில் படாது. இன்வெர்ட்டரில் யூபிஎஸ், எகோ என்று இரண்டு நிலைகள் இருக்கும். யூபிஎஸ் நிலையில் மெயின் வோல்ட் சுமார் 180க்குக் கீழே போனாலே, மின்சாரம் சரியில்லை என்று கருதிப் பேட்டரிக்கு மாறிவிடும். மாலையில் தெருவில் எல்லோரும் மோட்டாரும் ஏசியும் போடும்போது வோல்ட் 170க்கு இறங்கினால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் பேட்டரி வடிந்துகொண்டிருக்கும். பிறகு உண்மையான மின்தடை வரும்போது மீதம் கொஞ்சமே இருக்கும். மாலை வேளைகளில் இன்வெர்ட்டரில் பேட்டரி விளக்கு எரிகிறதா என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். டெஸ்க்டாப் கணினி இல்லாத வீட்டில் யூபிஎஸ் நிலைக்குப் பெரிதாகத் தேவை இல்லை, எகோவில் வைத்துவிடலாம்.

சித்தப்பா வீட்டில் சுவிட்சை டியூபுலருக்கு மாற்றி, தண்ணீரைச் சரிசெய்து, ஓர் இரவு முழுக்க சார்ஜில் விட்டோம். காலையில் எல்லா செல்களிலும் சிறு குமிழிகள் சீராக எழும்பின. மறுபடி ஒருமுறை வடியவிட்டு நிரப்பிய பிறகு கிராவிட்டி 1.225க்கும் 1.230க்கும் இடையே வந்தது. அதே 300 வாட் சுமையில் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. முதலில் சொன்ன கணக்கின்படி நான்கு வயதுப் பேட்டரிக்கு அது முழு அளவு.

அறிகுறி 4: தண்ணீர் மிக வேகமாகக் குறைகிறது, பேட்டரி சூடாகிறது

நல்ல டியூபுலரில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்த்தால் போதும். மாதம் ஒருமுறையே ஊற்ற வேண்டியிருந்தால், எல்லா செல்களிலும் குறைகிறதா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் சார்ஜ் அதிகம். நாட்கணக்கில் மின்தடை இல்லாதபோதும் முனைகளில் 14.4 நிற்கிறது, 13.7க்கு இறங்கவில்லை என்றால் இன்வெர்ட்டரின் சார்ஜர் பகுதியைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். வெயில் படும் மொட்டை மாடி அறையில் பேட்டரி இருந்தாலும் தண்ணீர் வேகமாகப் போகும்.

ஒரே செல்லில் மட்டும் என்றால் விஷயம் வேறு. முழு சார்ஜுக்குப் பிறகு ஆறு செல்களையும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்தில் 1.230, ஒன்றில் மட்டும் 1.150 என்று வந்து, அந்த ஒரு செல்லில் சார்ஜ் ஆகும்போதும் குமிழி எழவில்லை என்றால், அதன் தகடுகள் உள்ளே ஒன்றோடொன்று தொட்டுவிட்டன. ஓய்வு வோல்ட் 10.5 அருகில் விழுவது இதன் இன்னோர் அடையாளம், ஆறு செல்லில் ஐந்துதான் வேலை செய்கிறது. இதற்கு மருந்து கிடையாது. சார்ஜர் அந்தப் பேட்டரியை 14.4க்கு ஏற்ற முயன்றுகொண்டே இருக்கும், நல்ல செல்கள் கொதிக்கும். இணைப்பை உடனே கழற்றிவிடுங்கள்.

எல்லா செல்களும் சமமாக இருந்தும், 24 மணி நேர சார்ஜுக்குப் பிறகும் கிராவிட்டி 1.180ஐத் தாண்டவில்லை, சார்ஜில் போட்டவுடன் வோல்ட் சட்டென 14க்கு மேல் ஏறி, சுமை கொடுத்தவுடன் சட்டென 11க்கு விழுகிறது என்றால் சல்பேட் முற்றிவிட்டது. இந்த இரண்டு நிலைகளில்தான் பேட்டரி மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால், ஆறு செல்களின் கிராவிட்டியையும் தேதியோடு எழுதி, அட்டையோடு எடுத்துப் போங்கள். பழைய பேட்டரியை இரும்புக் கடைக்குப் போடாமல் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால், உள்ளே இருக்கும் ஈயத்துக்கு உரிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள். புதியதை மாட்டிய அன்றே பின்பக்கச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.